ஒரே பட்டியல், பல தொகுதிகள்
(மகளிர் சங்கங்களின் இணையவழிப் பொருட்பட்டியல் பற்றி நிகழ்த்திய பேச்சு)



தெமோதரையிலும், அதனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும், பெண்கள் பத்துப் பன்னிருவராகச் சேர்ந்து, வயலில் விளைந்த நெல்லை மாவாக்கி விற்பது உங்களுக்குத் தெரிந்ததே. முன்னாளில் இம்மா பதுளைச் சந்தையிலும் அயல் வீடுகளிலும் விலைப்பட்டது. வாங்குபவர் மாவைக் கையில் எடுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகே காசு கொடுத்தார். இன்று அதே மா கைத்தொலைபேசியில் காட்டப்பட்டுக் கொழும்பிற்கும் கண்டிக்கும் பொதியாகச் செல்கின்றது. வாங்குபவர் மாவைத் தொடுவதில்லை. நாம் எழுதிய குறிப்பையே அவர் நம்புகின்றார். ஆகவே குறிப்பும் பொதியிலுள்ள மாவும் ஒத்திருத்தல் வேண்டும். அதனை எவ்வாறு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பல பொருள்களை எடுத்துக் குழப்பாமல், வறுத்த சிவப்பரிசி மா என்னும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், மா ஏன் வேளைக்கு வேளை வேறுபடுகின்றது என்பதை அறிதல் வேண்டும். அறுவடை செய்து சில மாதம் வைத்திருந்த நெல்லின் அரிசி அதிக நீரை ஏற்கும். புது நெல்லின் அரிசி குறைந்த நீரிலேயே குழைந்து ஒட்டும். நன்றாக வறுத்த மா அதிக நீர் கேட்கும். அரைகுறையாக வறுத்த மாவில் ஈரம் எஞ்சியிருப்பதால் குறைவாகவே கேட்கும். அரித்த அரிப்பின் கண் பெரிதானால் மா பருக்கையாக இருக்கும். இவை தவிர, ஆலையில் நமக்கு முன் வேறொருவர் குரக்கனோ மிளகாயோ அரைத்திருந்தால், முதலில் விழும் மாவில் அதன் நிறமும் மணமும் ஏறும். அம்முதற் பிடியைத் தனியே ஒதுக்குதல் நன்று.

இவ்வேறுபாடுகள் சமையலறையில் பெரிய விளைவைத் தரும். சென்ற மாதம் வாங்கிய மாவிற்கு ஊற்றிய அளவு நீரையே இம்மாத மாவிற்கும் ஊற்றும் தாய், இடியப்ப உரலில் பிழியும்போது மா ஒட்டிப் போவதைக் காண்பார். அவர் தம் கையைக் குறை சொல்லமாட்டார்; மாவையே குறை சொல்வார். அப்பொதி ஒரு வீட்டில் வறுக்கப்பட்டதாக இருக்கலாம். ஆனால் பெயர் கெடுவது சங்கத்திலுள்ள அனைவருக்குமாகும்.

இனி, தொகுதி என்பது யாது என்று தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரே நாளில் செய்தவை யாவும் ஒரு தொகுதி என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரே பாத்திரத்தில் கொட்டி, மேலும் கீழுமாக நன்கு கலந்த மாவே ஒரு தொகுதியாகும். ஐந்து வீடுகளில் வறுத்த மாவை ஒன்றாகக் கலந்தால் அது ஒரு தொகுதி. கலவாமல் வீட்டுக்கு வீடு பொதி செய்தால் அவை ஐந்து தொகுதிகள். கலந்தால்தான் ஒரு பொதியைச் சோதித்து மற்றப் பொதிகளைப் பற்றிப் பேச முடியும்.

இம்முறை புதியதன்று. 1959 ஆம் ஆண்டு மும்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனுடன் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனம் இதனையே கைக்கொண்டது. அங்கே உழுந்து மாவைப் பெண்கள் தத்தம் வீட்டில் பிசைவதில்லை. கிளை நிலையத்தில் ஒன்றாகப் பிசைந்த மாவையே ஒவ்வொருவரும் வாங்கிச் சென்று, வீட்டில் அப்பளமாக உருட்டி, மறுநாள் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கின்றனர். ஆயிரக்கணக்கான வீடுகளில் உருட்டிய அப்பளமும் ஒரே சுவையாக இருப்பதற்கு, கலத்தல் ஓரிடத்தில் நடப்பது முதன்மையான காரணமாகும். நாம் வறுத்தலை வீடுகளிலும், கலத்தலை ஓரிடத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

கலந்த ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம் கொடுத்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான விதிகளும், பொதியின் மேல் தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றைக் குறிக்கும்படி கூறுகின்றன. ஆகவே இது எப்படியும் செய்யவேண்டிய வேலையாகும். இலக்கத்தைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்:

```
SM-241112-2
```

முதலிரண்டு எழுத்துகள் பொருளைக் குறிப்பன. சிவப்பரிசி மாவிற்கு SM என்று வைத்தோம். அடுத்த ஆறு எண்கள் ஆண்டு, மாதம், நாள் என்பன. இங்கே 2024 நவம்பர் 12. இறுதி எண் அன்று கலந்த இரண்டாவது கலவை என்பதாகும். ஆண்டை முதலில் எழுதுவதால் பட்டியல் தானாகவே கால ஒழுங்கில் நிற்கும். எந்த வீட்டார் வறுத்தனர் என்பது இலக்கத்தில் வரலாகாது. அதனைச் சங்கத்தின் கொப்பியில் மட்டும் எழுதுக. வாங்குபவருக்கு அது வேண்டாத செய்தி. சங்கத்தினுள்ளோ, வறுவலைத் திருத்துவதற்கு அது வேண்டிய செய்தி.

அடுத்துத் தரக்குறிப்பு. “மிகச் சிறந்த மா”, “சுத்தமான மா” என்று எழுதுவதால் பயன் இல்லை. ஒருவர் சிறந்தது என்பதை மற்றொருவர் சுமாரானது என்பார். இரு பெண்கள் தனித்தனியே சோதித்தாலும் ஒரே விடை வரக்கூடிய குறிப்புகளையே எழுதுதல் வேண்டும். சிவப்பரிசி மாவிற்கு நான்கு குறிப்புகள் போதும்: நெல்லின் போகம், அரிப்பு, வறுவலின் நிறம், நீரளவு.

போகம் என்பது பெரும்போகமா சிறுபோகமா என்பதும், அறுவடை செய்து எத்தனை மாதமாயிற்று என்பதுமாகும். இதனைச் சொல்லக்கூடியவர் நெல்லைக் கொடுக்கும் கமக்காரராகிய நீங்களே. பழைய நெல்லையும் புதிய நெல்லையும் ஒரே மூடையில் கலந்து கொடுத்தால், பெண்கள் எவ்வளவு கவனமாக வறுத்தாலும் மா ஒருசீராக அமையாது. மூடை வாயில் ஒரு துண்டு அட்டையில் போகத்தையும் அறுவடை மாதத்தையும் எழுதிக் கட்டுங்கள். அரிப்பைப் பொறுத்தவரை, சங்கம் முழுவதும் ஒரே கண் அளவுள்ள அரிப்பையே வாங்கி வைத்துக்கொண்டால், அக்குறிப்பு என்றும் மாறாது.

நிறத்தைச் சொல்லால் விவரித்தல் கடினம். ஆகவே மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தல்கள் மூன்றில், இளவறுவல், நடுவறுவல், முதுவறுவல் என மூன்று மாதிரிகளை வைத்துக்கொள்க. புதுத் தொகுதியில் ஒரு கரண்டி எடுத்து அவற்றின் அருகே வைத்து, எதனோடு ஒத்துள்ளதோ அப்பெயரை எழுதுக. மாதிரிகளும் நாளடைவில் நிறம் மாறும். எனவே போகத்திற்கு ஒரு முறை அவற்றைப் புதுப்பித்தல் வேண்டும். பட்டியலில் இடும் படத்திலும் இம்மாதிரிப் போத்தல் தெரிதல் நன்று. கைத்தொலைபேசி தானே வெளிச்சத்தைத் திருத்துவதால், ஒரே மா காலையில் சிவந்தும் மாலையில் மங்கியும் தோன்றும். போத்தல் அருகில் இருந்தால், பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு அறிவார். வெள்ளைத் தட்டில் வைத்து, நிழலில், பகல் வெளிச்சத்தில், எப்போதும் ஒரே இடத்தில் படம் எடுக்கவும்.

நீரளவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தராசில் 100 கிராம் மா நிறுத்துக்கொள்க. ஒரு குவளையில் 200 கிராம் கொதிநீரை எடுத்து, உப்பிடாமல், சிறிது சிறிதாக மாவில் ஊற்றிக் கிளறுக. மா கையில் ஒட்டாமலும், உரலில் பிழியும்போது இழை அறாமலும் வரும் பதத்தில் நிறுத்துக. உடனே குவளையை நிறுத்து, குறைந்த நிறையைக் காண்க. நீருக்கு ஒரு கிராம் என்பது ஒரு மில்லிலீற்றர் என்றே கொள்ளலாம். தனி அளவுக் குவளை வேண்டியதில்லை. ஒரு தொகுதிக்கு மூன்று முறை செய்து சராசரி எடுக்கவும். பதம் பார்க்கும் கை மாறினால் அளவும் மாறுமாதலால், இயன்றவரை ஒருவரே இதனைச் செய்தல் நன்று. மற்றொருவரைப் பழக்கும்போது, இருவரும் ஒரே மாவைச் சோதித்து, விடைகள் நெருங்கும்வரை பழகுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். ஒரு சங்கம் நவம்பர் 12 இல் சிறுபோக அரிசி மாவை 20 கிலோ வீதம் மூன்று கலவைகளாகச் செய்தது என வைத்துக்கொள்வோம். பழைய குறிப்புகளைப் பார்த்து, 118 மில்லிலீற்றர் என்பதைத் தம் வழக்கமான நீரளவாகவும், 112 முதல் 124 வரையுள்ளதை ஏற்கத்தக்க எல்லையாகவும் அவர்கள் முன்னரே வகுத்துள்ளனர். இவ்வெண்கள் இவ்வெடுத்துக்காட்டிற்கு உரியவை. உங்கள் அரிசிக்கும் அரிப்புக்கும் வருவதை நீங்களே சோதித்து வகுத்தல் வேண்டும்.

ஒவ்வொரு கலவையிலிருந்தும் 500 கிராம் எடுக்கப்பட்டது. அதில் 300 கிராம் மூன்று சோதனைகளுக்கு. எஞ்சிய 200 கிராம் காற்றுப் புகாத போத்தலில், தொகுதி இலக்கத்துடன், காலாவதித் திகதி கடக்கும்வரை வைப்பதற்கு. மீதி 19½ கிலோவில் அரைக் கிலோப் பொதிகள் 39 வரும். சோதனையில் முதற் கலவை 118, இரண்டாவது 120, மூன்றாவது 109 என வந்தன. மூன்றாவது எல்லைக்குக் கீழே உள்ளது. அதன் நிறத்தைப் பார்த்தால் நடுவறுவலுக்குப் பதிலாக இளவறுவலாக இருந்தது. அரிசியோ ஒன்றே. எனவே இது வறுவலின் குறை. இன்னும் பொதி செய்யவில்லையாதலால், மாவை மீண்டும் அடுப்பிலேற்றி, ஆவி அடங்கி, மா கரண்டியிலிருந்து மணல்போல் உதிரும்வரை வறுத்தனர். ஆறிய பின் மறுபடியும் கலந்து, சோதனைக்குச் சிறிது எடுத்துப் பார்க்க 117 வந்தது. மூன்று தொகுதிகளையும் ஒரே சமையற் குறிப்புடன் விற்கலாயிற்று. மறுசோதனைக்கு எடுத்த மாவினால் மூன்றாவதில் ஒரு பொதி குறைந்தது. பொதி செய்யுமுன் சோதித்தல் வேண்டும் என்பதன் காரணம் இப்போது விளங்கும்.

அதே சங்கம் 2025 மார்ச்சு 20 இல் புதுப் பெரும்போக நெல்லின் அரிசியை அரைத்தது எனக் கொள்வோம். எல்லாக் கலவைகளும் 108 அளவில் வந்தன. நிறம் நடுவறுவலே, மணம் நன்று, கட்டி இல்லை. இங்கே குறை எதுவுமில்லை. புது அரிசியின் இயல்பே அது. இதனை மறுபடி வறுத்தால் கருகுமேயன்றிப் பழைய அரிசி ஆகாது. செய்யத்தக்கது, பட்டியலில் அதனைத் தெளிவாகச் சொல்லுதலே: “தொகுதி SM-250320-1. புதுப் பெரும்போக அரிசி. நடுவறுவல். 100 கிராம் மாவிற்குக் கொதிநீர் 108 மில்லிலீற்றர். முந்திய தொகுதியிலும் 10 மில்லிலீற்றர் குறைவு. பிட்டு மென்மையாக வரும்.” முந்தியதினும் எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்று சொல்வது, மீண்டும் வாங்குபவருக்கு மிகப் பயன்படும். அவ்வரியைப் பொதிச் சிட்டையிலும் அச்சிட வேண்டும். சமைப்பவர் தொலைபேசியைப் பார்ப்பார் என்று எண்ணியிருத்தலாகாது.

ஆகவே குறை வேறு, வேற்றுமை வேறு என்பதை நினைவில் வைக்கவும். அரிசியின் இயல்பால் வருவது வேற்றுமை. அதனைக் குறிப்பில் எழுதி விற்கலாம். செய்கையின் பிழையால் வருவது குறை. அதனைத் திருத்த வேண்டும் அல்லது ஒதுக்க வேண்டும். புளித்த வாடை, பூஞ்சணம், வண்டு, கல், கட்டி ஆகியவற்றுக்கு எக்குறிப்பும் பரிகாரமாகாது.

இனிப் பட்டியலை வைத்திருக்கும் முறை. இரண்டு ஏடுகள் வேண்டும். ஒன்று வாங்குபவர் காண்பது. வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியிலுள்ள பொருட்பட்டியல் இதற்குப் போதும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், பெயர், விலை, விவரம் என்பவற்றோடு Item code என்னும் இடமும் உண்டு. மற்றது சங்கத்தார் மட்டும் காண்பது. கூகிள் ஷீட்ஸ் போன்ற பகிர்ந்த அட்டவணையில், ஒரு தொகுதிக்கு ஒரு வரியாக, இலக்கம், போகம், நிறம், நீரளவு, வறுத்த வீடுகள், சோதித்தவர், பொதிகளின் தொகை, யாருக்கு எத்தனை அனுப்பினோம் என்பன எழுதப்படும். தோட்டத்துப் பள்ளங்களில் தொலைபேசி அலை கிடைப்பது நிச்சயமில்லையாதலால், முதலில் கொப்பியில் எழுதி, பின் அட்டவணையில் ஏற்றுக.

தொகுதிக்கு ஒரு புதுப் பொருளாகப் பட்டியலை நீட்டிக்கொண்டே போதல் தவறு. சில மாதங்களில் வாங்குபவர் எதனைக் கேட்பது என்றறியாது திகைப்பார். சிவப்பரிசி மா என்னும் பொருள் ஒன்றே. அதன் விவரத்தில் மாறாத பகுதி கீழேயும், அன்று அனுப்பும் தொகுதியின் குறிப்பு முதல் வரியாகவும் இருக்கட்டும். இருவகை நீரளவுள்ள தொகுதிகளை ஒரே வேளையில் பட்டியலில் வைக்கலாகாது. பழையதில் ஆறு பொதி எஞ்சியிருந்தால், அவற்றை அயலில் விற்று முடித்த பின்னரே புதுக் குறிப்பை ஏற்றுக. முதலில் குறிப்பு மாற வேண்டும். பிறகே புதுப் பொதி வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

பலர் எழுதக்கூடிய ஏட்டில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாமல் அழிப்பதுண்டு. சோதித்தவரே எழுதுக; மற்றொருவர் பொதிச் சிட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே வெளியிடுக. ஏனையோர் அட்டவணையைப் பார்க்க மட்டும் உரிமை பெற்றால் போதும். அவர்களை Viewer என்று சேர்க்கலாம். யாரேனும் ஒன்றை மாற்றிவிட்டால், Version history என்னுமிடத்தில் எப்போது, யாருடைய கணக்கிலிருந்து மாறிற்று என்பதைக் கண்டு, பழையதை மீட்கலாம்.

இவ்வளவு எழுத்து வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். மேற்சொன்ன எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருவர் பொதியைத் திறந்து, மாவில் முக்கல் வாடை வீசுகின்றது என அறிவிக்கின்றார் என்க. ஊவாவில் அக்காலம் மழைக்காலம். இலக்கம் இல்லாத சங்கம் அன்று செய்த 116 பொதிகளையும் ஐயுற வேண்டியிருக்கும். இலக்கமுள்ள சங்கமோ, “சிட்டையில் உள்ள இலக்கம் யாது?” என்று கேட்கும். அவர் SM-241112-2 என்கின்றார். உடனே அத்தொகுதியின் 200 கிராம் போத்தல் திறக்கப்படுகின்றது. அதில் வாடை இல்லையாயின், அவர் வீட்டில் ஈரம் பட்டிருக்கலாம் அல்லது அந்த ஒரு பொதியின் வாய் சரியாக ஒட்டாதிருக்கலாம். அவருக்கு மட்டும் வேறு பொதி அனுப்பினால் போதும். போத்தலிலும் வாடை இருப்பின், குறை தொகுதி முழுவதிலும் உள்ளது என்பது உறுதி. 39 இல் 28 விற்றாயிற்று, 11 கையிலுண்டு. அந்த 11 ஐ ஒதுக்கி, வாங்கிய 28 பேருக்கும் அன்றே செய்தி அனுப்பலாம். மற்ற இரு தொகுதிகளின் போத்தல்களையும் முகர்ந்து பார்த்து, அவை நன்றாயிருப்பின் விற்பனையைத் தொடரலாம்.

காரணத்தையும் கொப்பியே காட்டும். மாவை வெந்த சூட்டோடு பொதி செய்தால், உள்ளே ஆவி நீராகிக் கட்டி பிடித்து, நாளடைவில் முக்கல் வாடை தரும். அன்று இரண்டாம் கலவையைப் பொதி செய்த நேரம் வறுத்த நேரத்திற்கு மிக அண்மையில் இருந்தால், காரணம் அதுவெனக் கருதலாம். எனவே வறுத்து இறக்கிய நேரத்தையும் பொதி செய்த நேரத்தையும் கொப்பியில் எழுதுதல் நன்று. யார் வறுத்தார் என்பதைச் சங்கக் கூட்டத்தில் திருத்தத்திற்காகப் பேசலாம். பட்டியலில் எழுதிப் பெயரைக் கெடுத்தலாகாது. அவ்வாறு நடந்தால், அடுத்த முறை எவரும் குறையை வெளியிற் சொல்லமாட்டார்; கொப்பியும் பொய்யாகும்.

மரக்கறிச் செய்கையாளர்களும் பாகற்காய் வற்றல் முதலியவற்றுக்கு இம்முறையையே கைக்கொள்ளலாம். அங்கே நீரளவுக்குப் பதிலாக, எத்தனை கிலோ பச்சைக் காயிலிருந்து ஒரு கிலோ வற்றல் கிடைத்தது என்பதை எழுதுக. அவ்வெண் வழக்கத்தினும் குறைந்தால், வற்றல் முற்றாகக் காயவில்லை என ஐயுற்று மறுபடி வெயிலில் இடுக.

இம்முறையைத் தொடங்கக் கிராமளவில் நிறுக்கும் தராசு ஒன்றும், ஒரே அளவு அரிப்பும், சில கண்ணாடிப் போத்தல்களும், ஒரு கொப்பியும் போதும். அடுத்த முறை ஆலைக்கு அரிசி கொண்டு செல்லுமுன் மூடையில் போகத்தையும் மாதத்தையும் எழுதிக் கட்டுங்கள். மா வறுத்து ஆறியதும் ஒன்றாகக் கலந்து, 500 கிராமைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவை அதிலிருந்து தொடங்கும்.